செக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் உள்ள பதினொரு வீடுகளுக்குச் சேர்த்து, மாதம் ஒரு முறை நான்தான் செக்கில் எண்ணெய் எடுத்து வருகிறேன். தோட்டத்து லயத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டோடு பழகியவர்கள்தான் இன்றும் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். அதனால் எண்ணெயைக் கையில் வாங்கியதும் மனதில் பட்டதைக் கேட்டுவிடுவார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

செக்கு எண்ணெய்க்கும் சூப்பர்மார்க்கெட்டில் விற்கிற எண்ணெய்க்கும் அப்படி என்ன வித்தியாசம்?

சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் எண்ணெய் பெரும்பாலும் சுத்திகரித்தது. பிழிந்த பிறகு அதன் அமிலத்தை நீக்கி, நிறத்தை வெளுக்க வைத்து, கடைசியில் கடும் சூட்டில் நீராவி விட்டு வாடையையும் எடுத்துவிடுவார்கள். அதனால்தான் அது எந்த மாதம் வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கிறது. செக்கில் எதையும் நீக்குவதில்லை. விதையின் மணமும் நிறமும் அப்படியே வரும். கூடவே விதையின் பொடியும் கொஞ்சம் ஈரமும் வரும். இந்தக் கடைசி இரண்டும்தான் நம் வீட்டில் வரும் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

இன்னொன்று, செக்கு எண்ணெய் என்றால் குளிர்ந்த எண்ணெய் என்று நினைக்க வேண்டாம். செக்கிலிருந்து வழியும்போது தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். உரலும் உலக்கையும் உரசுகிற சூடு அது. வெளியிலிருந்து சூடு கொடுக்கவில்லை என்பதுதான் இங்கே கணக்கு.

சீனர் கடையில் கறுப்பா ஒரு எள் எண்ணெய் இருக்கே, அதுவும் நல்லெண்ணெய்தானே?

எள்ளில் எடுத்ததுதான், ஆனால் நம் நல்லெண்ணெய் இல்லை. மின்யாக் பீஜான் என்று விற்கும் அது, வறுத்த எள்ளில் எடுத்தது. வறுத்ததால்தான் அந்த அடர்ந்த நிறமும் தூக்கலான வாசமும். இறக்கும் நேரத்தில் சில சொட்டு விடுவதற்கானது. சில பாட்டில்களில் சோயா எண்ணெய் கலந்திருப்பதை லேபிளிலேயே போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். ஊறுகாய்க்கும், இட்லிப் பொடிக்கும், தலைக்கு வைத்துக் குளிக்கவும் அது சரிப்படாது.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் ஒரு பயனும் உண்டு. செக்கு எண்ணெய் என்று வாங்கியதில் அந்த வறுத்த வாசம் அடித்தால், எள் சூடு கண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி போடுறாங்களே, இனிப்பு நீர் இருக்கிறவங்க சாப்பிடலாமா?

சாப்பிடலாம். சர்க்கரை எண்ணெயில் கரையாது. பத்துக் கிலோ எள்ளுக்கு ஏறக்குறைய அரை கிலோ கருப்பட்டி போடுவதை எங்கள் செக்கில் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் பிண்ணாக்கோடு போய்விடும், மிச்சம் அடியில் தங்கும் மண்டியில் இருக்கும். தெளிந்த எண்ணெயில் இனிப்பு இருக்காது.

அப்புறம் எதற்குப் போடுகிறார்கள்? எள் பொடிந்து மாவாகிவிட்டால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். கருப்பட்டியின் பிசுபிசுப்பும், இடையிடையே தெளிக்கிற தண்ணீரும் அந்த மாவைக் கட்டியாகச் சேர்க்கும். அப்போதுதான் எண்ணெய் பிரிந்து வழியும். நிலக்கடலைக்குக் கருப்பட்டி வேண்டாம், ஆனால் தண்ணீர் தெளிப்பது உண்டு. ஆக, செக்கு எண்ணெய் பிறக்கும்போதே கொஞ்சம் தண்ணீரோடுதான் பிறக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எண்ணெய் கலங்கலா இருக்கு, அடியில மண்டி நிக்குது. கலப்படமா அக்கா?

இல்லை. ஆட்டிய அன்றைக்கே கண்ணாடி மாதிரி இருந்தால்தான் நான் யோசிப்பேன். மண்டி என்பது துணியில் வடிகட்டியும் தப்பி வந்த விதைப்பொடி, தோல், புரதம், அவற்றோடு ஒட்டியிருக்கும் ஈரம். எள் எண்ணெயில் அது பழுப்பாக, கனமாக, சீக்கிரம் இறங்கும். கடலை எண்ணெயில் வெளிறி, மாவு கரைத்த மாதிரி, மெதுவாக இறங்கும்.

மண்டி இருப்பது குற்றமில்லை. அதை எண்ணெயோடு விட்டு வைப்பதுதான் தவறு. ஈரமும் விதைப்பொடியும் சேர்ந்து கிடக்கும் இடத்தில் எண்ணெய் உடைந்து கொழுப்பு அமிலங்கள் பிரியும். முதலில் தொண்டையில் காறும், அப்புறம் வாடை மாறும். மேலே தெளிவாக நிற்கும் எண்ணெயும் அடியில் இருப்பதைத் தொட்டுக்கொண்டுதானே நிற்கிறது.

தெளிய விட்ட எண்ணெயை வாங்கி வந்து ஒரு மாதம் கழித்தும் அரை விரல் உயரத்துக்குப் புதிதாக மண்டி சேர்ந்தால், செக்கில் அவசரப்பட்டிருக்கிறார்கள். மெல்லிய படலம் மட்டும் என்றால் கவலை வேண்டாம்.

எத்தனை நாள் தெளிய விடணும்? ஊரில் வெயிலில் வைப்பாங்களே, இங்கேயும் வைக்கலாமா?

எள் எண்ணெய்க்கு ஐந்து நாள், கடலை எண்ணெய்க்கு ஒரு வாரம் முதல் பத்து நாள். நான் வைத்திருக்கும் கணக்கு இது. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, வீட்டுக்குள் அசையாத இடத்தில் வைத்துவிடுவேன். ஏழு நாள் ஆன பிறகும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் எல்லாம் வீணாகிவிடும். வைத்த இடத்திலேயே அகப்பையால் மேலாக மொண்டு எடுக்க வேண்டும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் நிற்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

தமிழ்நாட்டில் வெயிலில் வைப்பதற்குக் காரணம், காய்ந்த காற்று ஈரத்தை இழுத்துவிடும், சூட்டில் எண்ணெய் இளகி மண்டி விரைவாக இறங்கும். இங்கே பேராக்கில் காலை வெயில் இருக்கும், மதியத்துக்கு மேல் மழை கொட்டும், காற்றே ஈரம். திறந்த பாத்திரத்தை வெளியில் வைத்தால் ஈரம் போவதற்குப் பதில் வந்து சேரும். வெளிச்சமும் எண்ணெய்க்கு ஆகாது. வெயில் நன்றாக இருக்கும் நாளில், துணி கட்டி, காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2023இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. புதன்கிழமை ஆட்டிய கடலை எண்ணெய் இருபது லிட்டரை, எல்லாரும் கேட்கிறார்களே என்று அன்றைக்கே கலங்கலோடு வாங்கி வந்து பதினாறு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். பாட்டில் தீர்ந்து போனதால் மிச்சம் நாலு லிட்டர் தூக்குச்சட்டியிலேயே இருந்தது. எட்டு நாள் கழித்து அதை மேலாக மொண்டு எடுத்து வைத்தேன். டிசம்பர் முதல் வாரத்தில் ஒவ்வொரு வீடாகச் சிக்கு வாடை என்று பாட்டிலைக் கொண்டு வந்தார்கள். பாட்டிலின் அடியில் ஒரு விரல் மண்டி. தூக்கிலிருந்து எடுத்ததோ ஜனவரி வரைக்கும் நன்றாக இருந்தது. ஒரே கடலை, ஒரே செக்கு, ஒரே நாள் ஆட்டியது. வித்தியாசம் அந்த எட்டு நாள்தான்.

ஈரம் போயிருச்சான்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். காய்ந்த கரண்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, சிறிய தீயில் காட்டுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும், நுரை கட்டும். சத்தமில்லாமல் சூடாகி, மணம் மட்டும் எழுந்தால் ஈரம் போய்விட்டது. கரண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டியிருந்தாலும் தப்பான பதில் வரும் என்பதால் நன்றாகத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

செக்கு வாசலிலேயே இதைச் செய்து காட்டச் சொல்லலாம். நல்ல செக்குக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாசனை பார்த்து வாங்குங்கன்னு சொல்றீங்க, என்ன வாசனைன்னு சொல்ல மாட்டேங்கிறீங்களே!

நல்லெண்ணெய் என்றால், ஒரு கைப்பிடி பச்சை எள்ளை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் வருகிற மணம். நாக்கில் வைத்தால் மெல்லிய கசப்பு கடைசியில் தெரியும், அது எள் தோலின் கசப்பு. கடலை எண்ணெயில் பச்சைக் கடலையை மென்றால் வரும் வாசம், கொஞ்சம் பயற்றம் வாடையோடு. இரண்டுமே அடக்கமான மணம்தான். மூடியைத் திறந்ததும் அடுத்த அறை வரை வாசம் போனால் எனக்குச் சந்தேகம் வரும்.

முகர்வதற்கு முன் எண்ணெயைச் சூடாக்க வேண்டும். மூன்று சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து உடனே ஒரு முறை, பத்து நிமிடம் கழித்து ஒரு முறை முகருங்கள். முதலில் எழும் மணத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கெட்ட வாடை, இரண்டாவது முறை வெளியே வந்துவிடும். நான் இன்னும் நம்புவது சுடு சோற்றைத்தான். வடித்த சோற்றில் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தால் மறைக்க எதுவும் இல்லை.

கெட்டதற்கு மூன்று வாடை. பழைய பெயிண்ட் டப்பா, மெழுகு வண்ணக்குச்சி மாதிரி அடித்தால் அது சிக்கு. எண்ணெய் காற்றுபட்டுப் பழசாகிவிட்டது. புளித்த வாடை வந்தால் மண்டி கெட்டிருக்கிறது. மழைக்காலத்து அலமாரி மாதிரி மக்கல் வாடை வந்தால் விதையே சரியில்லை, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பிரிட்ஜில் வைத்தேன், கடலை எண்ணெய் வெள்ளையா உறைஞ்சு போச்சு. பாமாயில் கலந்துட்டாங்க, சரிதானே?

அவசரப்படாதீர்கள். சுத்தமான கடலை எண்ணெயும் பிரிட்ஜில் கலங்கும், கெட்டியாகும். அதில் இயல்பாகவே நீளமான சங்கிலி கொண்ட சில நிறைகொழுப்புகள் உண்டு, அவை குளிரில் முதலில் உறைந்துவிடும். எனவே கடலை எண்ணெய்க்குப் பிரிட்ஜ் சோதனை எதையும் நிரூபிக்காது. இதை நம்பி ஒரு செக்குக்காரரோடு சண்டை போட்டவரை எனக்குத் தெரியும்.

நல்லெண்ணெயில் இந்தச் சோதனைக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அது பிரிட்ஜ் குளிரில் லேசாக மங்கினாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நம் ஊர் சமையல் பாமாயில் பத்து டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளைக் குருணையாகத் திரளத் தொடங்கிவிடும். நன்றாகத் தெளிந்த நல்லெண்ணெயை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இரவெல்லாம் வைத்து, காலையில் அடியில் கெட்டியாக வெள்ளைக் குருணை நின்றால் கேள்வி கேட்கலாம். அறைச் சூட்டில் வைத்ததும் அது கரைந்து போகும், மண்டி கரையாது. ஆனால் கலந்தது கொஞ்சம்தான் என்றால் இதில் தெரியாது. அதற்குப் பரிசோதனைக் கூடம்தான். நமக்குக் கையில் இருக்கும் நல்ல கருவி விலைக் கணக்கு.

மானிய பாக்கெட் எண்ணெய் ஒரு கிலோ 2 வெள்ளி 50 காசு. செக்கு எண்ணெய்க்கு இருபது வெள்ளிக்கு மேல கேட்கிறாங்களே, கொள்ளை இல்லையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலக்கடலைப் பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய் இருந்தாலும் செக்கு அதை முழுக்கப் பிழியாது. நூறு கிலோவுக்கு நாற்பது கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல ஆட்டம். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம் எடை. ஆக ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 8 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கு மட்டும் 18 வெள்ளி 40 காசு. பிண்ணாக்கை மாட்டுக்கு விற்று ஒன்றரை வெள்ளி திரும்ப வந்தால் 16 வெள்ளி 90 காசு. ஆட்டுக்கூலி, மின்சாரம், பாட்டில், மண்டியில் போகும் நட்டம் எல்லாம் சேர்த்து நாலைந்து வெள்ளி வையுங்கள். 21, 22 வெள்ளி நியாயமான விலை.

எள்ளுக்கும் இதே 2.3தான். எள் விலை கூட, கருப்பட்டியும் சேர்கிறது, அதனால் நல்லெண்ணெய் எப்போதும் கடலை எண்ணெயைவிட மேலேயே இருக்கும். மளிகைக் கடையில் அன்றைய விதை விலையைக் கேட்டு, 2.3ஆல் பெருக்குங்கள். செக்குக்காரர் மொத்தமாக வாங்குவதால் அவருக்குச் சற்றுக் குறையும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் விலை அதற்கும் கீழே நின்றால், விதைக்குக் கொடுத்த காசுகூட வராத விலைக்கு ஒருவர் ஏன் விற்கிறார் என்று கேளுங்கள்.

லிட்டரா, கிலோவா என்றும் பாருங்கள். ஒரு கிலோ எண்ணெய் என்பது ஒரு லிட்டரைவிடக் கிட்டத்தட்ட 90 மில்லி அதிகம். கிலோ 22 வெள்ளி என்றால் லிட்டர் 20 வெள்ளி சொச்சம்தான். இரண்டு இடத்து விலையை ஒப்பிடும்போது பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

பாசார் மாலாமில் நல்லெண்ணெய்னு போட்டு ரொம்ப மலிவா விற்கிறாங்க, அது?

லேபிளைப் பாருங்கள். விளக்கு ஏற்ற மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அது சாப்பிடுகிற எண்ணெய் இல்லை. சாமி மாடத்தில் இருப்பதைச் சமையலறைக்குக் கொண்டு வராதீர்கள். லேபிளே இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

கடலையில் பூஞ்சை நஞ்சு இருக்குமாமே, செக்கு எண்ணெயில் அது வருமா?

வரக்கூடும், இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஈரத்தில் கிடந்த கடலையில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். ஆட்டும்போது அதில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கிவிட்டாலும் ஒரு பங்கு எண்ணெயோடும் மண்டியோடும் வரும். சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடும், செக்கில் நீக்க வழியில்லை. அடுப்பில் காய்ச்சினாலும் போகாது.

அதனால் கடலை எண்ணெய் வாங்கப் போனால் எண்ணெயைப் பார்ப்பதற்கு முன் மூட்டையைப் பாருங்கள். கையை உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளுங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சையாகவோ சாம்பலாகவோ பூத்தது, தோல் கழன்று மங்கியது எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பிடியில் இரண்டு மூன்று இருந்தாலே நான் திரும்பி வந்துவிடுவேன். மூட்டை சிமெண்டுத் தரையில் நேராகக் கிடந்தாலும் அப்படித்தான், தரை ஈரம் ஏறிவிடும். பலகை மேல் அடுக்கி, பொறுக்கிவிட்டு ஆட்டுகிற இடத்தில் வாங்குங்கள். மூட்டையைக் காட்ட மாட்டேன் என்கிற இடத்தில் வேண்டாம்.

எதில் ஊற்றி வைக்கிறது? எத்தனை மாதம் தாங்கும்?

எவர்சில்வர், அல்லது அடர்நிறக் கண்ணாடி. செம்பு, பித்தளை கூடவே கூடாது, செம்பு எண்ணெயை மிக வேகமாகச் சிக்கு பிடிக்க வைக்கும். மினரல் வாட்டர் பாட்டிலைக் கழுவி ஊற்றுகிறவர்களால், உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லையென்று உறுதி செய்ய முடியாது. அதனால் நான் அதில் கொடுப்பதில்லை. ஐந்து லிட்டர் வாங்கினால் ஒரே டின்னில் வைக்காமல் சின்ன பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் திறங்கள். காலியிடம் இருந்தால் அதில் காற்று இருக்கும்.

தகரக் கூரை வீட்டில் அடுப்புக்கு மேல் உள்ள அலமாரிதான் மிக மோசமான இடம். சுவர் ஓரம், தரைக்குப் பக்கத்தில், இருட்டாக இருக்கும் இடம் நல்லது. நன்றாகத் தெளிந்த நல்லெண்ணெய் இப்படி ஆறு மாதம் தாராளமாக நிற்கும், எள்ளிலேயே சிக்கு பிடிக்காமல் காக்கும் பொருள்கள் இருக்கின்றன. கடலை எண்ணெய்க்கு அந்தக் காவல் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள், திறந்ததை ஆறு வாரத்தில் முடித்துவிடுங்கள். பிரிட்ஜிலும் வைக்கலாம், கெட்டியானதைப் பார்த்துப் பயப்படாமல் இருந்தால் சரி.

பழைய எண்ணெய் மீதி இருக்கும் பாத்திரத்தில் புதியதை ஊற்றாதீர்கள். பழையதில் தொடங்கிய சிக்கு புதியதையும் பிடித்துக்கொள்ளும்.

கொஞ்சமா சிக்கு வாடை வந்துருச்சு. சூடு பண்ணி வெற்றிலை, புளி போட்டு எடுத்தா சரியாகுமா?

வாடை அடங்கும், கெட்டது கெட்டதுதான். அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். சாமி விளக்குக்கு ஊற்றிவிடுங்கள். 2023இல் திரும்பி வந்த பாட்டில்கள் அத்தனையும் எங்கள் மாரியம்மன் கோவில் விளக்குக்குத்தான் போயின.

தீபாவளி முறுக்கை இதிலேயே சுடலாமா?

தெளிந்த கடலை எண்ணெயில் சுடலாம், மணம் அருமையாக இருக்கும். ஆனால் சுத்திகரித்த எண்ணெய் அளவுக்குச் சூடு தாங்காது. புகை எழத் தொடங்கினால் உடனே தீயைக் குறையுங்கள். மண்டி இருந்தால் அது முதலில் கருகி, நுரை பொங்கி, முறுக்கில் கறுப்புப் புள்ளி விழும். ஐந்து கிலோ மாவு சுடுகிற வீட்டுக்கு நான் பாமாயிலையே சொல்வேன். செக்கு எண்ணெயை மாவு பிசையும்போது காய்ச்சி ஊற்றுங்கள், அந்த வாசமே போதும்.

பேரனுக்குக் கடலை ஒத்துக்காது. எண்ணெய்தானே, கொடுக்கலாமா?

கூடாது. ஒவ்வாமை கடலையின் புரதத்தால் வருவது. செக்கு எண்ணெயில் அந்தப் புரதம் இருக்கிறது, தெளிந்து தெரிந்தாலும் இருக்கிறது. எள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்லெண்ணெயும் அப்படித்தான். விருந்துக்குச் சமைக்கும்போது எந்த எண்ணெய் என்று வந்தவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அப்போ தீபாவளிக்கு எப்போ சொல்லி வைக்கணும்?

ஒரு மாதத்துக்கு முன். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம்தான் செக்கில் கூட்டம் அலைமோதும், மழையும் அப்போதுதான். இரண்டும் சேர்ந்தால் எண்ணெய் தெளிய நேரமே கிடைக்காது. நான் இப்போதெல்லாம் நாலு வாரம் முன்பே ஆட்டச் சொல்லி, மேலே சொன்னபடி வீட்டில் பத்து நாள் வைத்து, கரண்டியில் காட்டிப் பார்த்த பிறகுதான் பாட்டிலில் ஊற்றுகிறேன். தலைக்கு வைத்துக் குளிக்க மட்டும் அரை லிட்டர் வேண்டும் என்கிறவர்கள் கடைசி வாரத்தில் கேட்டாலும் பரவாயில்லை, ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். எண்ணெய் வாங்க வரும்போது நன்றாகக் காய்ந்த பாட்டிலைக் கொண்டு வாருங்கள்.